திங்கள் முதலா, ஞாயிறு இரவா?

மூன்று ஷிப்ட் ஓடும் ஒரு தொழிற்சாலை. மார்ச் 5, வியாழக்கிழமை. மேலாளர் ஒரு மெயிலைத் தட்டி முடித்துவிட்டு, அலுவலக உதவியாளரிடம், "எழுத்துப்பிழை மட்டும் பாரும்மா" என்றார்.

"அனைவருக்கும் வணக்கம். திங்கள் முதல் ஷிப்ட் நேரம் மாற்றப்பட்டது. காலை ஷிப்ட் 7 மணிக்குப் பதில் 6 மணிக்கு ஆரம்பிச்சாச்சு. மற்ற ஷிப்டுகளும் ஒரு மணி நேரம் முன்னதாக நடைபெறும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. தவறும் பட்சத்தில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால், படிப்பவருக்கு நெஞ்சு திக்கென்றாகும். 'மாற்றப்பட்டது', 'ஆரம்பிச்சாச்சு' என்றால், போன திங்களா? நான்கு நாளாகத் தாமதமாகவா வந்துகொண்டிருக்கிறோம்?

எல்லா வினைச்சொல்லையும் ஒரே காலத்துக்கு மாற்றுவது இதற்கு மருந்தல்ல. முடிவு எடுத்தது நேற்று, அது இறந்தகாலம். நேரம் மாறப்போவது இனிமேல், அது எதிர்காலம். 'திங்கள் முதல் மாறுகிறது' என்று நிகழ்காலத்தில் சொன்னாலும் தமிழில் பொருந்தும். எது எப்போது நடக்கிறது என்று ஒவ்வொரு வரியிடமும் கேட்டால் போதும். கூடவே தேதியும் வேண்டும்.

அடுத்தது தொனி. 'பண்ணிக்கோங்க' என்று தோளில் கை போட்டுவிட்டு, மறுவரியிலேயே 'தவறும் பட்சத்தில்' என்று விறைப்பாக நின்றால், இது வேண்டுகோளா, மிரட்டலா? 'வாருங்கள்', 'வர வேண்டும்' என்ற எளிய மரியாதை நடையே முழுக்கப் போதும். நடவடிக்கை வரியை உதவியாளர் தானாக நீக்கவில்லை. அது நடையல்ல, நிர்வாகத்தின் முடிவு. "இருக்கட்டுமா சார்?" என்று கேட்டார். "வேண்டாம், எடுத்துடும்மா" என்றார் மேலாளர்.

காலத்தைச் சரிபார்க்கும்போதுதான் பெரிய ஓட்டை தெரிந்தது. இரவு ஷிப்ட் 11 மணி முதல் காலை 7 வரை. ஞாயிறு இரவு 11 மணிக்கு வருபவர், திங்கள் காலை 6 மணிக்கு வீட்டுக்குப் போவாரா, 7 மணிக்கா? 6 என்றால் ஒரு மணி நேர வேலை குறையும். 7 என்றால், காலை ஷிப்ட்காரர் வந்த பிறகும் ஒரு மணி நேரம் இரண்டு பேர் ஒரே மெஷினில் நிற்பார்கள். இலக்கணம் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. மேலாளர்தான் சொல்ல வேண்டும். "ஞாயிறு ராத்திரியே 10 மணிக்கு வரணும்" என்றார் அவர். ஆக, மாற்றம் தொடங்குவது திங்களே அல்ல!

கடைசியில் போன மெயில் இது:

"அனைவருக்கும் வணக்கம். ஷிப்ட் நேரத்தை மாற்ற முடிவு செய்துள்ளோம். மார்ச் 8, ஞாயிறு இரவு ஷிப்டிலிருந்து புதிய நேரம் தொடங்கும். அன்று இரவு ஷிப்டில் இருப்பவர்கள் 11 மணிக்குப் பதில் 10 மணிக்கு வர வேண்டும். மார்ச் 9, திங்கள் முதல் காலை ஷிப்ட் 6 முதல் 2 வரை. மாலை ஷிப்ட் 2 முதல் 10 வரை. இரவு ஷிப்ட் 10 முதல் 6 வரை. இந்த நேரத்தில் வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்."

மெயிலின் தலைப்பில் வெறும் 'முக்கிய அறிவிப்பு' என்று இருந்ததையும் உதவியாளர் விடவில்லை. போனில் முதலில் கண்ணில் படுவது அதுதானே? 'ஷிப்ட் நேர மாற்றம்: மார்ச் 8 இரவு 10 மணி முதல்' என்று மாற்றிவிட்டுத்தான் அனுப்பினார்.