உணவு வேளையில் ஒலிக்கும் தொலைபேசி



என் மைத்துனர் ஆம்பூரில் ஒரு தோல் நிறுவனத்தின் அலுவலகத்தில் பணிபுரிகிறார். சரக்குகளுக்கான ஆவணங்களைத் தயாரிப்பது அவருடைய வேலை. பகல் ஒரு மணிக்கு இடைவேளை. லுஹர் தொழுதுவிட்டு, வீட்டிலிருந்து வந்த சோற்றைப் பிரித்து வைப்பார். அப்போதுதான் கைப்பேசி ஒலிக்கும். "பாய், அந்தச் சிவப்புக் கோப்பு எங்கே?" ஞாயிறன்று பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும்போதும் இதே கதைதான்.

தொழிலாளி தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் உழைக்கலாகாது, அதற்குள் அரை மணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. அந்த நாளில் ஆலையின் வாயிலைக் கடந்தால் ஓய்வு கிட்டிவிடும். இன்றோ வாயில் சட்டைப் பைக்குள் இருக்கிறது.

எரிச்சலுற்று அழைப்பைத் துண்டித்துவிடலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம், இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள் என்றேன். யார் அழைத்தார், எப்போது, எதற்காக என்ற மூன்றை மட்டும். பதினான்கு அழைப்புகள் வந்திருந்தன. அவற்றில் ஒன்றே ஒன்று அவசரம்: சென்னைத் துறைமுகத்துக்குப் புறப்பட வேண்டிய லாரி கையெழுத்துக்காக நின்றது. ஒன்பது அழைப்புகள் "எங்கே இருக்கிறது?" என்ற வகை. மீதமுள்ளவை நாளை கேட்டாலும் கெட்டுவிடாதவை. ஒன்பதையும் அழைத்தவர் பெரும்பாலும் ஒரே மனிதர், அடுத்த மேசையில் இருக்கும் மூத்த பணியாளர்.

அந்தத் தாளைப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. அவர் தொல்லை தருபவர் அல்லர். கோப்புகள் எங்கிருக்கின்றன என்பது என் மைத்துனரின் தலைக்குள் மட்டுமே இருந்தது. வேறு எங்கே போய்க் கேட்பார் அவர்? ஆகவே வேண்டுகோளுக்கு முன்னரே, கோப்புகளின் இருப்பிடத்தை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டச் சொன்னேன். இதைச் செய்யாமல் "அழைக்காதீர்கள்" என்றால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

பிறகுதான் பேச்சு. அதற்கும் நேரம் உண்டு. அழைப்பு வந்து இடையூறு நேர்ந்த அந்தக் கணத்தில் சொன்னால், சொல்லில் சூடு ஏறிவிடும். எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினால், ஒருவரைச் சுட்டுவதாகவே மற்றவர் படிப்பர். மேலாளரின் முன்னிலையிலோ, அது புகாராகிவிடும். திங்கள் காலையில், தேநீர் அருந்தும்போது, தனியாகச் சொன்னார்:

"அண்ணே, ஒன்று முதல் ஒன்றே முக்கால் வரை தொழுகையும் சாப்பாடும். ஞாயிறு பிள்ளைகளோடு இருக்கிறேன். லாரி நின்றுவிட்டாலோ, துறைமுகத்திலிருந்து கேள்வி வந்தாலோ, யாருக்காவது உடல்நலம் கெட்டாலோ எந்த நேரமும் கூப்பிடுங்கள், எடுப்பேன். மற்றவற்றை ஒரு சீட்டில் எழுதி என் மேசையில் வையுங்கள். வந்த உடன் அதைத்தான் முதலில் பார்ப்பேன்."

அவசரம் எது என்பதை அவர் பெயர் சொல்லி வரையறுத்ததைக் கவனியுங்கள். "அவசரமானால் மட்டும்" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால், கேட்பவருக்குத் தம் வேலை எல்லாமே அவசரமாகத் தோன்றும். அதோடு, பகல் 12:45க்குத் தாமே எழுந்து போய், "நான் போகுமுன் ஏதாவது வேண்டுமா, அண்ணே?" என்று கேட்கும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டார். பாதி அழைப்புகள் அந்த ஒரு கேள்வியிலேயே கரைந்தன.

கைப்பேசியிலும் ஒரு வசதி இருக்கிறது. Do Not Disturb என்பதை இயக்கினால் அழைப்புகள் ஒலிக்கா. ஆனால் மறுமுறை அழைப்பவரை அனுமதிக்கும்படி அதில் அமைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒருவரே பதினைந்து நிமிடங்களுக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி ஒலிக்கும். ஐபோனில் மூன்று நிமிடங்களுக்குள். "அவசரமென்றால் உடனே இரண்டாம் முறை அடியுங்கள்" என்று சொல்லி வைத்தால் போதும். சொல்லாமல் இயக்குவது மட்டும் கூடாது. லாரி நின்ற அன்று பழி உங்கள் மேல் விழும்.

தடுமாற்றமும் நேர்ந்தது. மூன்றாம் வாரம் ஞாயிறன்று, ஒரு விடுப்புக் கடிதத்தைப் பற்றி அண்ணன் அழைத்தார். என் மைத்துனர் இரக்கப்பட்டு முழுவதும் பேசித் தீர்த்தார். அடுத்த ஞாயிறு இரண்டு அழைப்புகள். அதன்பின், "திங்கள் காலை ஒன்பதரைக்கு இதைப் பார்த்துவிடுகிறேன், அண்ணே" என்று அரை நிமிடத்தில் முடிக்கப் பழகினார். திங்கள் ஒன்பதரைக்குத் தவறாமல் பார்த்தும் விட்டார். அந்தத் தவறாமைதான் அண்ணனுக்கு நம்பிக்கை தந்தது.

மேலாளரிடம் இதே பேச்சு செல்லாது. அவரிடம் அறிவிக்க முடியாது, கேட்கத்தான் முடியும்: "ஐயா, ஞாயிறன்று தங்களுக்குத் தேவைப்படும் விவரங்களைச் சனி மாலையே எழுதித் தந்துவிடட்டுமா?" அவர் சரி என்றார். ஆயினும் மாதம் ஓரிரு முறை அழைக்கத்தான் செய்கிறார். அதை என் மைத்துனர் விட்டுவிட்டார்.

இன்னொன்றையும் அவர் வெட்கத்தோடு சொன்னார். தம் கைப்பேசியில், தாம் பிறரை அழைத்த பட்டியலைப் பார்த்தாராம். பண்டகசாலைப் பையனை ஒன்றேகாலுக்கு ஆறு முறை அழைத்திருக்கிறார்.