நீர் மாத்திரை எழுதுமுன் மருந்து அட்டையைப் பாருங்கள்

மாலையானால் கணுக்காலில் நீர் கோத்துக்கொள்கிறது, காலையில் வடிந்துவிடுகிறது என்று ஒரு பெரியவர் வந்தால் நம்மில் பலரின் பேனா தானாகவே ஃபுரோசமைடு 40 என்று எழுதிவிடுகிறது. அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்த இதழில் பேச விரும்புகிறோம்.

வெளிநோயாளிப் பிரிவில் அடிக்கடி காணும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 72 வயது அம்மா. மூன்று மாதம் முன்பு ரத்த அழுத்தம் கூடியதால் அம்லோடிபின் 5 மி.கி.யிலிருந்து 10 ஆகியிருக்கிறது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அசிக்ளோஃபெனாக்கும் ஓடுகிறது. அதைக் கேட்டால்தான் சொல்வார். வலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரே தலையணையில் தூக்கம், மூச்சிரைப்பு இல்லை. 45 டிகிரி சாய்வில் கழுத்துச் சிரை அழுத்தம் உயரவில்லை, சிறுநீரில் புரதம் இல்லை, இரு கால்களும் சமமாக வீங்கியிருக்கின்றன.

இந்த வீக்கத்தை உண்டாக்குவது உடலில் தேங்கிய உப்பும் நீரும் மட்டுமல்ல. அம்லோடிபின் நுண்தமனிகளை விரிக்கிறது, நுண்சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. உள்ளே வரும் வழி அகலமாகி, வெளியேறும் வழி அப்படியே இருப்பதால் தந்துகிகளில் அழுத்தம் ஏறி நீர் திசுவுக்குள் கசிகிறது. மருந்துச் சோதனைகளில் 5 மி.கி.யில் நூற்றுக்கு சுமார் 3 பேருக்கும் 10 மி.கி.யில் சுமார் 11 பேருக்கும் வீக்கம் காணப்பட்டது, பெண்களுக்குக் கூடுதல். நீர் மாத்திரை இந்தக் கசிவை அதிகம் தொடுவதில்லை. மாறாக, அந்த அம்மா இரவில் கழிவறைக்கு எழுந்து, எழுந்த இடத்தில் தலைசுற்றி விழுவார். அசிக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் சிறுநீரகம் இரண்டு பக்கமும் அடிவாங்கும். பொட்டாசியம் குறைந்தால் அதற்கும் ஒரு மாத்திரை வரும்.

செய்யவேண்டியது வேறு. வலி மாத்திரையை நிறுத்தி, முடிந்தால் பாராசிட்டமாலுக்கு மாற்றலாம். அம்லோடிபினை 5க்கு இறக்கி, டெல்மிசார்டன் போன்ற ஒன்றைச் சேர்க்கலாம். அது சிரைப்பக்கத்தையும் விரிப்பதால் வீக்கம் குறையும், அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும். ப்ரீகேபலின், பயோகிளிட்டசோன் ஆகியவையும் அட்டையில் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை.

கால் தூக்கி வைப்பதை நாம் அரைகுறையாகச் சொல்கிறோம். முக்காலியில் கால் நீட்டி உட்கார்வது போதாது. படுத்துக்கொண்டு, குதிகால் நெஞ்சு மட்டத்துக்கு மேல் வரும்படி தலையணை அடுக்கி, அரைமணி நேரம் வைக்கவேண்டும். பிற்பகல் நான்கு மணியளவில் ஒருமுறை அப்படிச் செய்தால், காலில் தேங்கிய நீர் தூங்கப்போகுமுன்பே சிறுநீராக வெளியேறி, இரவில் எழும் தடவைகளும் குறையக்கூடும். இந்தப் பயனைச் சொன்னால்தான் பெரியவர்கள் செய்கிறார்கள். நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, பாதத் துடிப்பும் தளர்ந்திருந்தால் கால் தூக்குவதும் இறுக்க உறையும் கூடாது. படுத்தவுடன் மூச்சுத் திணறுபவரைப் படுக்கச் சொல்லவே வேண்டாம். அவருடைய இதயத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

உப்பில், ‘குறைத்துக்கொள்ளுங்கள்’ என்ற சொல்லால் பயனில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ். ஒரு தேக்கரண்டியைவிடக் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கலாமா என்று கேட்பார்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. டெல்மிசார்டன் எடுப்பவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் அது ஆபத்து.

இனி, எப்போது இதே வீக்கத்தை வேறு கண்ணால் பார்க்கவேண்டும்? காலையிலும் வடியாமல் முழங்கால் நோக்கி ஏறினால், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினால், இரண்டாம் தலையணை தேவைப்பட்டால், நள்ளிரவில் மூச்சுக்காக எழுந்து உட்கார்ந்தால் இதயம். பருமனானவரின் கழுத்தில் சிரை அழுத்தம் தெரியாமல் போகும், நேட்ரியூரெடிக் பெப்டைடு அளவும் குறைத்தே காட்டும். அங்கே எக்கோ கேட்கத் தயங்கவேண்டாம். காலையில் கண்ணிமை உப்பல், சிறுநீரில் நுரை, குச்சிச் சோதனையில் புரதம் என்றால் சிறுநீரகம்; கிரியேட்டினினோடு சீரம் ஆல்புமினையும் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ஆழ்சிரை ரத்தக்கட்டி. அன்றைக்கே டாப்ளர்.

நம் அம்மாவுக்கு டெல்மிசார்டன் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கவேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம்வரை ஏறினால் பொறுத்திருந்து மறுபடி பார்க்கலாம். வீக்கம் அதற்குள் வடியவில்லையென்றால் அம்லோடிபினை முழுதாக நிறுத்திப் பார்க்கலாம். அதன் அரைவாழ்வு நீளம் என்பதால் விளைவு தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.