காய்ச்சல் விட்ட பிறகு மங்கும் பார்வை

டெங்கு என்றால் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ‘பிளேட்லெட் எவ்வளவு?’ காய்ச்சல் விட்டு, அந்த எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் நோயாளி கலசப்பாக்கத்துக்கோ ஜவ்வாது மலைக் கிராமத்துக்கோ திரும்பிவிடுவார். கண்ணில் வரும் சிக்கல் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான், அதாவது காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துத்தான், தலைகாட்டுகிறது.

2005இல் சிங்கப்பூரில் டெங்கு பரவியபோது, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களை ஆராய்ந்ததில் சுமார் 10% பேருக்கு விழித்திரையின் மையமான மாக்குலா பாதிக்கப்பட்டிருந்தது. அப்போது பரவியது பெரும்பாலும் டெங்கு-1 வகை வைரஸ். 2007இல் டெங்கு-2 வகை பரவியபோது இந்தப் பாதிப்பு தென்படவில்லை. பிளேட்லெட் குறைவு மட்டுமே காரணமாக இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருந்திருக்காது. வைரஸை எதிர்க்கக் கிளம்பும் நோய் எதிர்ப்பாற்றலே விழித்திரையின் நுண் ரத்தக் குழாய்களையும் புண்ணாக்குகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். குழாய் கசிந்தால் வீக்கம். பிளேட்லெட்டும் குறைந்திருந்தால் ரத்தக் கசிவு. எனவே எண்ணிக்கை ஏறிவிட்டது என்பது கண்ணுக்கு உத்தரவாதம் ஆகாது.

கசிவு ஓரத்தில் இருந்தால் நோயாளிக்கு எதுவும் தெரியாது. மாக்குலாவில் இருந்தால் படிக்கும் எழுத்தின் நடுவே கறை விழும், நேர்கோடு வளையும். ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் மற்றொரு கண் அதை மறைத்துவிடும். ஆகவே ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கட்டம் போட்ட மாதக் காலண்டரைப் பார்க்க வேண்டும். பிறகு மறு கண்ணால். கண்ணாடி அணிபவர்கள் அதை அணிந்தே பார்க்கலாம். கோடு நெளிந்தாலோ, நடுவில் தேதி காணாமல் போனாலோ, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ அன்றே அல்லது மறுநாளே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கடும் கண்வலியும் சிவப்பும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. பார்வைக் கோளாறுடன் வாந்தி, கடும் தலைவலி, மயக்கம் இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

வலியின்றி வெள்ளைவிழி மட்டும் சிவந்து, பார்வை தெளிவாக இருந்தால் அது மேல்படலக் கசிவாக இருக்கலாம். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே மறையும்.

டார்ச் அடித்துப் பார்த்தால் விழித்திரை தெரியாது. சொட்டு மருந்தால் கண்மணியை விரியச் செய்து பரிசோதிக்க வேண்டும். வீக்கத்தை அளக்க ஓசிடி ஸ்கேன் உதவும். சொட்டு மருந்துக்குப் பின் சில மணி நேரம் கண் கூசும் என்பதால் மலைப்பாதையில் பைக் ஓட்டக் கூடாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பார்வை தேறும். சிலருக்கு நடுக்கறை நீடிக்கும். ஸ்டீராய்டு யாருக்குத் தேவை என்பதைக் கண் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கடையில் கேட்டு வாங்கக் கூடாது.

அறிகுறியே இல்லாத ஒவ்வொருவரையும் திருவண்ணாமலை வரை அலைக்கழிக்கத் தேவையில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையும், அடுத்த வாரம் வீடு வரும் கிராம சுகாதாரச் செவிலியரும் ‘ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தீர்களா?’ என்று கேட்டால் போதும். சொல்லத் தெரியாத குழந்தைகளுக்கு அந்தக் கேள்வியைத் தாயிடம் கேட்க வேண்டும்.