இரண்டு ஜெனரேட்டர்கள், ஒரே தரைத்தளம்

ஒரு மருத்துவமனையின் மின்பொறியாளர் தன் நிர்வாகிக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "நம்மிடம் ஜெனரேட்டர்கள் இரண்டு இருக்கின்றன. ஆனால் ஒன்று கைவிட்டால் மற்றது கைகொடுக்கும் என்று நம்ப முடியாது." நிர்வாகிக்கு இது மிகையான பயமாகத் தோன்றும். அவருடைய கணக்கு வேறு. தேவைப்படும்போது ஓர் இயந்திரம் 100 முறையில் ஒரு முறை கிளம்பாமல் போகலாம். அப்படியானால் இரண்டும் சேர்ந்து கிளம்பாமல் போவது 10,000-இல் ஒரு முறைதான். ஆனால் ஒன்றின் கோளாறுக்கும் மற்றதன் கோளாறுக்கும் தொடர்பே இல்லாதபோது மட்டும்தான் இந்தப் பெருக்கல் செல்லும். இரண்டும் ஒரே தொட்டியின் டீசலைக் குடிக்கின்றன, ஒரே அறையில் நிற்கின்றன என்றால், கோளாறுகளில் பத்தில் ஒன்றாவது இரண்டையும் சேர்த்தே நிறுத்தும் என்று கொள்வது தவறாகாது. அந்தப் பத்தில் ஒன்று மட்டுமே 1,000-இல் ஒரு முறை என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. நிர்வாகி நினைத்ததைவிட ஆபத்து பத்து மடங்கு. அதே அறையில் மூன்றாவது இயந்திரத்தை வாங்கி வைத்தாலும் இந்தப் பங்கு குறையாது.

ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையம் இதற்குச் சான்று. 2011 மார்ச் 11-இல் நிலநடுக்கத்தால் வெளி மின்சாரம் அறுந்ததும் அவசர டீசல் ஜெனரேட்டர்கள் சரியாகவே ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் வந்த ஆழிப்பேரலை, தரைத்தளத்துக்குக் கீழே இருந்தவற்றில் பெரும்பாலானவற்றை மூழ்கடித்தது. இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று. 2, 4-ஆம் உலைகளுக்குத் தலா ஒரு ஜெனரேட்டர், கடல்நீரால் அல்லாமல் காற்றால் குளிர்வதாக, தனிக் கட்டடத்தில் சற்று உயரத்தில் இருந்தது. அவை மூழ்கவில்லை. ஆனால் அவற்றின் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் மின்பலகைகள் அதே கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தன. பலகைகள் நீரில் போனதால் நல்ல இயந்திரங்களும் பயனற்றுப்போயின. 6-ஆம் உலையின் காற்றுக்குளிர்வு ஜெனரேட்டர் ஒன்று மட்டும் பலகையோடு சேர்ந்து தப்பியது. 5, 6 உலைகளைக் காப்பாற்றியது அதுதான்.

"வாரந்தோறும் ஓட்டிப் பார்க்கிறோம், இரண்டும் கிளம்புகின்றனவே" என்று நிர்வாகி சொல்லலாம். சுமை ஏற்றாமல் பதினைந்து நிமிடம் ஓட்டும் சோதனை இயந்திரத்தைப் பற்றித்தான் சொல்லும். தொட்டியின் அடியில் தேங்கிய நீரையோ, இரு வழிகளும் கூடும் மாற்றுச் சுவிட்சையோ, அறைக்குள் புகும் மழைநீரையோ அது சோதிப்பதில்லை. செலவு பற்றிய கவலை நியாயமானது. ஆனால் பொறியாளர் புது இயந்திரம் கேட்கவில்லை. இரண்டாவதற்குத் தனித் தொட்டி, தனி ஸ்டார்ட்டர் பேட்டரி, வெள்ளம் எட்டாத தளத்தில் தனிப் பலகை ஆகியவற்றையே கேட்கிறார். பலகையை மாற்றுவதுதான் இவற்றில் செலவு மிக்கது. இப்போதைக்கு முடியாவிட்டால் தொட்டியையும் பேட்டரியையும் பிரிக்கலாம். அவ்வாறு விட்டுவைக்கும்போது, பலகை அறையில் நீர் புகுந்தால் இரண்டும் போகும் என்பதை நிர்வாகி எழுதிக் கையொப்பமிட்டு, அவசர சிகிச்சைப் பிரிவின் தலைவருக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும்.