கிரெடிட் நோட்டுக்கு ஒரு தாய் பில் உண்டு

கடைக்கணக்கு எழுதியே காலம் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்த கடைக்காரர்கள் கட்டுக்கட்டாகக் காகிதத்தைக் கொண்டுவந்து திண்ணையில் வைக்கிறார்கள். அதில் பெரும்பாலும் குழப்பம் தருவது கிரெடிட் நோட்டு என்கிற ஒற்றைத் தாள்தான். பார்க்க பில் மாதிரியே இருக்கும். கம்பெனி பேர், நம்பர், தேதி, சரக்கு, வரி எல்லாம் இருக்கும். ஆனால் அது பில் அல்ல. பழைய பில் ஒன்றில் இவ்வளவு குறைத்துக்கொள் என்று கம்பெனி தருகிற சீட்டு.

அதைத் தனி வரவாகவும் எழுதக்கூடாது, அடுத்த பில்லிலும் கழிக்கக்கூடாது. எந்தப் பில்லில் பிறந்ததோ அந்தப் பில்லின் கீழேயே கழித்தல் குறி போட்டு எழுத வேண்டும். இதுதான் என் கட்சி. "எப்படிக் கழித்தாலும் தொகை ஒண்ணுதானே அண்ணாச்சி" என்று சொல்பவர்கள் உண்டு. ஒன்றல்ல என்பதை 2025 செப்டம்பர் 22 நன்றாகவே காட்டிக்கொடுத்தது. அன்றைக்குத்தான் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது.

நாகர்கோவில் பக்கம் ஒரு சிமெண்ட் கடைக்காரரின் கணக்கைச் சொல்கிறேன். மனதில் போட எளிதாக இருக்கட்டும் என்று தொகையை மட்டும் முழு எண்ணாக்கியிருக்கிறேன். செப்டம்பர் 12-ம் தேதி 200 மூடை வாங்கினார். மூடை 300 ரூபாய் வீதம் 60,000. அதற்கு 28 சதவீத வரி 16,800. ஆக பில் 76,800. இறக்கிப் பார்த்தால் 10 மூடை ஈரம் பட்டுக் கட்டிப்போயிருந்தது. திருப்பி அனுப்பினார். கம்பெனியிலிருந்து கிரெடிட் நோட்டு வந்தது அக்டோபர் முதல் வாரத்தில்.

இந்தத் தாளை எப்படி வாசிக்க வேண்டும்? முதலில் தொகையைப் பார்க்காதீர்கள். பழைய பில்லின் நம்பரும் தேதியும் எங்கே என்று தேடுங்கள். ஜி.எஸ்.டி. விதிப்படி அது அந்தத் தாளில் இருந்தாக வேண்டும். அடுத்தது காரணம்: சரக்கு திரும்பியதா, விலை கூடப் போட்டுவிட்டார்களா, தள்ளுபடியா? மூன்றாவது, வரி தனியாகக் காட்டியிருக்கிறதா? கடைசியாகத்தான் தொகை.

இங்கே 10 மூடைக்கு 3,000 ரூபாய். வரி எவ்வளவு? தாள் வந்தது அக்டோபரில். அப்போது வரி 18 சதவீதம். கடைக்காரர், "540 தானே வரணும், 840 போட்டிருக்கானே, கம்பெனிக்காரனுக்குப் பிழையாக்கும்" என்றார். பிழை இல்லை. திருப்பி வருவது செப்டம்பர் 12-ல் நாம் கொடுத்த வரி. அன்றைக்கு 28 சதவீதம் கொடுத்தோம், அதே 28 சதவீதம்தான் திரும்பும். 3,000-க்கு 840. ஆக 3,840. நோட்டின் தேதியை வைத்து வரி பார்க்கக்கூடாது, தாய் பில்லின் தேதியை வைத்துப் பார்க்க வேண்டும். களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் கேரளத்திலிருந்து வாங்கிய சரக்கென்றால் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. இருந்திருக்கும், நோட்டிலும் அதுவேதான் வரவேண்டும்.

இனி எழுதும் முறை. பேரேட்டில் அந்தப் பில் இப்படி முடிய வேண்டும்:

பில், 12-9-2025: 200 மூடை, மதிப்பு 60,000, வரி 16,800, மொத்தம் 76,800
கிரெடிட் நோட்டு: −10 மூடை, மதிப்பு −3,000, வரி −840, மொத்தம் −3,840
மீதி: 190 மூடை, மதிப்பு 57,000, வரி 15,960, மொத்தம் 72,960

நான்கு இடத்திலும் கழித்தல் குறி விழுந்திருக்கிறது பாருங்கள். இருப்பில் பத்து மூடை குறைகிறது, கொள்முதலில் 3,000 குறைகிறது, நாம் எடுத்துக்கொண்ட வரி வரவில் 840 குறைகிறது, கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதில் 3,840 குறைகிறது. பில்லுக்கு முழுப்பணமும் ஏற்கெனவே கட்டியாயிற்று என்றாலும் முறை மாறாது. அந்தப் பில்லின் பாக்கி −3,840 என்று நிற்கும். நம் பணம் அவ்வளவு கம்பெனியிடம் கிடக்கிறது என்று பொருள். அடுத்த பில்லுக்குப் பணம் கட்டும்போது அதை ஈடு செய்துகொள்ளலாம். ஆனால் அடுத்த பில்லின் மதிப்பையோ வரியையோ தொடக்கூடாது. அது 18 சதவீத பில். அதில் 3,000 ரூபாய்ச் சரக்கைக் கழித்தால் வரி 540 தான் குறையும். 300 ரூபாய் வரி வரவு நம் கணக்கில் கூடுதலாக நிற்கும். பின்னால் கேள்வி வரும். அந்த வரவைப் பயன்படுத்தியிருந்தால் வட்டியும் சேரும்.

கணிப்பொறியில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். கம்பெனி அனுப்புவது கிரெடிட் நோட்டு. நம் புத்தகத்தில் அது கம்பெனியின் பற்றுப் பக்கம் ஏறுகிறது, ஆகவே டாலியில் `Debit Note` என்கிற இடத்தில்தான் பதிய வேண்டும். பதியும்போது `Agst Ref` என்று கொடுத்துப் பழைய பில் நம்பரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். `On Account` என்று விட்டுவிட்டால் தொகை தாயில்லாப் பிள்ளையாக ஒரு மூலையில் கிடக்கும்.

நான் சொன்ன கடையில் பையன் அதையும் செய்யவில்லை. பில் மாதிரி இருக்கிறதே என்று கொள்முதலாகவே ஏற்றிவிட்டான். வருடக் கடைசியில் கம்பெனி அனுப்பிய கணக்குக்கும் கடைக் கணக்குக்கும் 7,680 ரூபாய் வித்தியாசம். 7,680-க்கு ஒரு பில்லைத் தேடி மூன்று நாள் அலமாரியைக் கலைத்தார்கள். அப்படி ஒரு பில் இருந்தால்தானே கிடைக்கும்! கழிக்க வேண்டியதைக் கூட்டினால் வித்தியாசம் இரண்டு மடங்காகும். 7,680-ஐப் பாதியாக்கினால் 3,840. அந்தத் தாள் உடனே கையில் கிடைத்தது. வித்தியாசம் வந்தால் பாதியாக்கிப் பார்ப்பது பழைய கணக்கப்பிள்ளைமார் வழக்கம், இன்றைக்கும் பலிக்கிறது.

ஒரு விலக்கு சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் இத்தனை மூடை விற்றதற்கு இவ்வளவு தள்ளுபடி என்று கம்பெனிகள் வரி காட்டாமலும் கிரெடிட் நோட்டு தருவதுண்டு. அதில் கொடுக்க வேண்டிய பணம் மட்டும் குறையும். இருப்பும் மாறாது, வரி வரவும் மாறாது. நோட்டில் வரி இல்லாதபோது நாமாக வரியைக் குறைக்க வேண்டியதில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய வரி வாரியமே சுற்றறிக்கை விட்டது. வரி காட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இனி என் மனத்தாங்கல். 2019 முதல் பல பில்லுக்குச் சேர்த்து ஒரே கிரெடிட் நோட்டு தரலாம் என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள். அடுத்த வருடம், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் நோட்டை ஏற்றும்போது பழைய பில் நம்பர் கொடுக்க வேண்டாம் என்றும் ஆக்கினார்கள். விற்கிற கம்பெனிக்கு வேலை மிச்சம். வாங்குகிற சின்னக் கடைக்காரன் தலையில்தான் சுமை இறங்கியது. எட்டுப் பில்லுக்கு ஒரே தொகை என்று வந்தால், அதில் செப்டம்பர் 22-க்கு முந்தியது எவ்வளவு, பிந்தியது எவ்வளவு என்று யார் பிரிப்பது?

ஆகவே இணையதளம் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். பில் நம்பர், தேதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். காலமும் பார்த்துக்கொள்ளுங்கள்: 2025-26 நிதியாண்டு பில்லுக்கான கிரெடிட் நோட்டைக் கம்பெனி 2026 நவம்பர் 30-க்குள், அதற்கு முன்பே ஆண்டறிக்கை கொடுத்துவிட்டால் அந்தத் தேதிக்குள், கணக்கில் காட்டியாக வேண்டும். அதற்குப் பிறகு வரியைத் திருப்பித் தர அவர்களுக்கு வழியில்லை. தாள் கைக்கு வந்ததும் பழைய பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். தனிக் கோப்பு போட்டால் அது எந்தப் பில்லுடையது என்பது ஆறு மாதத்தில் உங்களுக்கே மறந்துபோகும்.