சாயும் பக்கமே திருப்புக!

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில், உரும்பிராயிலே நம் வீட்டு ஒழுங்கையில் ஒரு காட்சியைக் கண்டோம். அயல்வீட்டுச் சிறுமி சைக்கிள் பழகிக்கொண்டிருந்தாள். தந்தையார் இருக்கையை இறுகப் பிடித்தபடி, "பயப்பிடாதை பிள்ளை, அப்பா பிடிச்சிருக்கிறன்" என்று பின்னே ஓடினார். அவர் கையை எடுத்ததும் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அவள் பதறி ஹாண்டிலை வலப்பக்கம் திருப்பினாள். கிளுவை வேலியிலே போய் விழுந்தாள். மூன்றாம் நாளும் இதே கதை. "இவளுக்கு மூளை வேலை செய்யுதில்லை" என்று அவர் சலித்துக்கொண்டார். மூளை வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதற்கு வேண்டிய பாடத்தை அவருடைய கையே மறைத்துவிட்டது.

சைக்கிள் எப்பக்கம் சாய்கிறதோ, அப்பக்கமே ஹாண்டிலைத் திருப்பவேண்டும். அப்போது சில்லுகள் உடலின் கீழே வந்து சேர, வண்டி நிமிர்கிறது. புதிதாகப் பழகுபவரோ அச்சத்தால் மறுபக்கம் திருப்புகின்றார். முதல் நாட்களில் இவ்வேலையைப் பெருமூளையின் புறணியே பெரிதும் ஏற்றுக்கொள்கிறது. கை, கால், பார்வை ஒவ்வொன்றையும் எண்ணியெண்ணி ஏவுகிறது. எண்ணி முடிப்பதற்குள் வண்டி விழுந்துவிடுகிறது.

இவ்விடத்தில், பிடரிக்கு மேலே அமைந்த சிறுமூளை உதவிக்கு வருகிறது. நம் பாடநூல்கள் இதனை மூளி என்னும். நிறையில் அது மூளையின் பத்தில் ஒரு பங்கே; ஆயினும் மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்களில் 6,900 கோடி அங்கேதான் உள்ளன. அங்குள்ள பர்க்கிஞ்சிக் கலம் ஒவ்வொன்றுக்கும் செய்தி இரு வழிகளில் வருகிறது. உடலின் சாய்வு, கையின் நிலை முதலியவற்றைப் பல்லாயிரம் நுண்ணிய நார்கள் அறிவிக்கின்றன. 'எண்ணியபடி நடக்கவில்லை' என்னும் பிழைச்செய்தியை ஏறுநார் என்னும் ஒரே நார் கொணர்கிறது. இரண்டும் ஒருசேர வரும்போதெல்லாம், அவ்வேளையில் செயற்பட்ட நுண்ணார்களின் இணைப்புகள் வலுக்குன்றுகின்றன. இவ்வாறே தவறான ஏவல் சிறிது சிறிதாகத் திருந்துகிறது. 1971ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஆல்பஸ் என்பார் ஊகித்த இவ்வலுக்குறைவை, 1982இல் ஜப்பானிய அறிஞர் மசாவோ இட்டோ குழுவினர் முயல்களில் சோதித்துக் காட்டினர்.

ஆகவே, சாய்வு இன்றேல் பிழைச்செய்தி இல்லை; பிழைச்செய்தி இன்றேல் திருத்தமும் இல்லை. இருபுறமும் சிறுசில்லு பூட்டிய வண்டியிற் பழகிய பிள்ளை, அவற்றைக் கழற்றியதும் தடுமாறுவதன் காரணமும் இதுவே.

பெருமூளை இதனால் ஓய்வு பெற்றுவிடுவதில்லை. எங்கே செல்வது, எப்போது நிற்பது என்பன அதன் பொறுப்பாகவே இருக்கின்றன. சமநிலை காக்கும் கணக்கு மாத்திரமே பெரும்பாலும் சிறுமூளையின் கைக்கு மாறுகிறது.

நாம் இதனை எடுத்துரைத்ததும், தந்தையார் மிதிகட்டைகளைக் கழற்றினார். இரு பாதங்களும் நிலத்தைத் தொடுமாறு இருக்கையைத் தாழ்த்தினார். சிறுமி காலால் உந்தியுந்தி, சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தாள். சில நாட்களின்பின் மிதிகட்டைகள் மீண்டும் பூட்டப்பட்டன. நேற்று அவள் நம் படலையைக் கடக்கையில், "இண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை என்ன படிப்பிச்சவை, பிள்ளை?" என்று கேட்டோம். "பின்னக் கணக்கு, சேர்" என்றாள். வண்டி தளும்பவில்லை. பேச்சுக்குப் பெருமூளை ஒழிந்திருந்தது. பாடம் இடம் மாறிவிட்டதென்று அறிந்தோம்.