நினைவாற்றல் கட்டுரை: 16 மார்க்கில் விவரிப்புக்கு 6தான்... பாதிக்குப் பாதி எழுதினால் என்ன ஆகும்?

‘நினைவாற்றலின் பல்சேமிப்பு மாதிரியை விவாதிக்கவும்.’ இங்கிலாந்தில் ஏ.க்யூ.ஏ. தேர்வு வாரியத்தின் ஏ லெவல் உளவியல் படிப்பவர்களுக்கு நன்கு பழக்கமான 16 மார்க் கேள்வி இது. பாடம் தெரியாதவர்கள் இதில் சறுக்குவது இயல்பு. ஆனால், பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்களும் சறுக்குகிறார்களே, ஏன்?

காரணம், மார்க் பிரிக்கப்படும் விதம். விவரிப்புக்கு 6, மதிப்பீட்டுக்கு 10. ‘விவரிப்பும் மதிப்பீடும் சமமாக இருக்கணும்’ என்ற அறிவுரையைக் கேட்டு பாதிக்குப் பாதி எழுதினால், அது சமநிலையே இல்லை. விடை பெரும்பாலும் விவரிப்பாகவே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். திருத்தும் விதிகளில் அது 5 முதல் 8 மார்க்குக்கான படிநிலையின் அடையாளம்.

விவரிப்பு எவ்வளவு போதும்?

120 நிமிடத்தில் 96 மார்க் என்று கணக்குப் போட்டால், இந்த விடைக்குக் கிடைப்பது 20 நிமிடம். அதில் விவரிப்புக்கு ஏழு நிமிடம் போதும்.

அட்கின்சனும் ஷிஃப்ரினும் 1968-ல் முன்வைத்த இந்த மாதிரியில் மூன்று கிடங்குகள் உண்டு: புலன் பதிவு, குறுகிய கால நினைவு, நீண்ட கால நினைவு. கவனித்தால் தகவல் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தால் மூன்றாவதுக்குப் போகும். ஒவ்வொரு கிடங்கிலும் எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு நேரம் தங்கும், எந்த வடிவில் பதியும் என்று ஒவ்வொரு வரி சேர்த்தால் விவரிப்பு முடிந்தது. இதற்கு மேல் எழுதும் ஒவ்வொரு வரியும், 10 மார்க் பகுதிக்கான நேரத்தைத் தின்கிறது.

ஆய்வைச் சொன்னாலே மதிப்பீடா?

இல்லை. பலரும் ஏமாறும் இடம் இதுதான். ‘எச்.எம். என்ற நோயாளிக்கு வலிப்புக்காக 1953-ல் அறுவை சிகிச்சை நடந்தது. ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் அவரால் புதிய விஷயங்களை நினைவில் வைக்க முடியவில்லை’ என்று எழுதி நிறுத்தினால், அது இன்னொரு விவரிப்பு. அவ்வளவுதான்.

இதையே இப்படித் தொடரலாம்: ‘ஆனால், எண்களைக் கேட்டவுடனே திருப்பிச் சொல்வதில் அவருக்குச் சிக்கல் இல்லை. இரண்டும் ஒரே கிடங்காக இருந்தால் இரண்டுமே கெட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் பாதிக்கப்பட்டதால், தனித்தனிக் கிடங்குகள் என்ற கூற்று வலுப்பெறுகிறது.’ இப்போதுதான் மதிப்பீடு தொடங்குகிறது.

இங்கிருந்து வாதத்தைத் திருப்பவும் முடியும். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் எச்.எம். நாளுக்கு நாள் முன்னேறினார். முந்தைய நாள் பயிற்சி செய்ததே அவருக்கு நினைவில்லை. ஆனாலும் கை கற்றுக்கொண்டது. அப்படியானால் நீண்ட கால நினைவு ஒரே கிடங்கு அல்ல. மாதிரியை ஆதரித்த அதே நோயாளி, அதன் ஓட்டையையும் காட்டிவிடுகிறார்.

அடுத்து, ஷாலிஸும் வாரிங்டனும் 1970-ல் ஆராய்ந்த கே.எஃப். இவருக்குக் காதால் கேட்ட எண்கள் நிற்கவில்லை. கண்ணால் பார்த்தவை அதைவிட நன்றாக நின்றன. ஆக, குறுகிய கால நினைவும் ஒன்றல்ல. அது இவ்வளவு பழுதாகியும் அவரது நீண்ட கால நினைவு நன்றாக இருந்தது. இரண்டாவது கிடங்கைக் கடந்தே மூன்றாவதுக்குப் போக முடியும் என்ற மாதிரிக்கு இது பெரிய அடி. அதேநேரம், இருவருமே மூளை பாதிக்கப்பட்ட தனிநபர்கள். அவர்களை வைத்து எல்லோருக்கும் பொதுவாக எவ்வளவு சொல்லலாம் என்ற வரம்பையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும்.

ஆறேழு ஆய்வுகளின் பெயரை அடுக்குவதைவிட, இப்படி இரண்டு மூன்றை முழுசாக இழுத்துப் பிடிப்பதே நல்லது.

எப்படிச் சரிபார்ப்பது?

பயிற்சி விடையில் ஒவ்வொரு ஆய்வுக்கும் கீழே ஒரே கேள்வி கேட்டால் போதும்: ‘இதனால் மாதிரிக்கு என்ன ஆச்சு?’ பதில் தாளில் இருந்தால் அது மதிப்பீடு. தலைக்குள் மட்டும் இருந்தால், திருத்துபவருக்கு அது தெரியப்போவதில்லை.

கடைசி வரிக்கும் இதே கேள்விதான். ‘இந்த மாதிரிக்கு நிறைகளும் குறைகளும் உண்டு’ என்பது எதையும் சொல்லவில்லை. ‘குறுகிய கால, நீண்ட கால நினைவுகள் வேறுவேறு என்பது நிற்கிறது, ஒவ்வொன்றும் ஒரே கிடங்கு என்பது நிற்கவில்லை’ என்று முடித்தால், அது தீர்ப்பு.

மனப்பாடம் செய்ததைக் கொட்டுவதற்கு 6 மார்க். அதை வைத்து வாதாடுவதற்கு 10. பேனாவும் அதே கணக்கில் ஓடுவதுதான் சமநிலை.